பார்கோடின் கீழ் அச்சான இலக்கங்களைப் படியெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடுகளும் கீழே உள்ள எண்ணும் ஒன்றைத்தானே சொல்கின்றன? பிறகு ஏன் எண்ணை மட்டும் பார்த்து எழுதச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலான பாக்கெட்டுகளில் இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன. ஆனாலும் அவை இரண்டு தனித்தனி அச்சுகள். கோடுகள் ஸ்கேனருக்காக இருக்கின்றன. ஸ்கேனர் படிக்க மறுக்கும்போது கல்லாவில் இருப்பவர் கையால் தட்டிக்கொள்வதற்காக இலக்கங்கள் இருக்கின்றன. உறையை வடிவமைப்பவரின் கோப்பில் கோடுகள் ஒரு படமாகவும், இலக்கங்கள் தனி எழுத்துவரியாகவும் பிரிந்து கிடப்பதுண்டு. பழைய உறையின் கோப்பைத் திறந்து, 200 கிராம் என்பதை 500 கிராம் என்று மாற்றி, கீழே உள்ள இலக்கங்களையும் புதிதாக அடித்துவிட்டு, கோடுகளை மாற்ற மறந்து அச்சுக்கு அனுப்பினால், ஸ்கேனரில் ஒரு பொருளும் கையால் தட்டும்போது வேறொரு பொருளும் வரும் பாக்கெட் ஒன்று சந்தைக்கு வந்துவிடும்.

அத்தகைய பாக்கெட்டின் படம் உங்களிடம் வரும்போது, கோடுகள் சொல்வதை இலக்கங்களுக்குரிய இடத்தில் எழுதிவிட்டீர்களானால், அந்தப் பாக்கெட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தியே பதிவிலிருந்து அழிந்துபோகும். அதை எழுதியவரைத் தவிர வேறு எவராலும் அதன்பிறகு அங்கே ஒரு முரண்பாடு இருந்ததைக் கண்டுபிடிக்க முடியாது.

கோடுகளைப் பார்த்தே இலக்கத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்திருக்கிறேன். மங்கிப்போன இடத்துக்கு மட்டும் அப்படிச் செய்யலாமா?

முறை உண்மைதான், ஆனால் படத்தில் அது நம்பத்தக்கதாக இருப்பது அரிது. கடைப் பொருள்களில் நாம் அதிகம் பார்க்கும் இஏஎன்-13 என்ற 13 இலக்கப் பார்கோடு, ஒரே அகலமுள்ள 95 சிறு கூறுகளால் ஆனது. மிக மெல்லிய கோடு ஒரு கூறு அகலம் கொண்டது. இயல்பான அளவில் அச்சிட்டால் அது 0.33 மில்லிமீட்டர். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு கூறுகள். அந்த ஏழுக்குள் இரண்டு கறுப்புக் கோடுகளும் இரண்டு வெள்ளை இடைவெளிகளும் எத்தனை எத்தனை கூறு அகலத்தில் நிற்கின்றன என்பதை வைத்தே இலக்கம் முடிவாகிறது.

உங்கள் படத்தில் முழுப் பார்கோடும் 150 பிக்சல் அகலத்தில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூறுக்கு ஏறக்குறைய ஒன்றரை பிக்சல்தான் கிடைக்கும். ஒற்றைக் கூறுக் கோடும் இரட்டைக் கூறுக் கோடும் அங்கே ஒரே சாம்பல் நிறக் கறையாகக் கலந்துவிடும். அச்சு மை சற்றுப் பரவியிருந்தால் கோடு தடித்து இடைவெளி சுருங்கும். அதே படத்தில், கீழே அச்சான ஓர் இலக்கத்துக்கு அதன் இடைவெளியும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலம் கிடைத்திருக்கும். ஆகவே கோடுகள் படிக்க முடியாமல் போன படத்திலும் இலக்கங்களைக் கண்ணால் படிக்க முடிகிறது. தெளிவானதை விட்டுவிட்டுத் தெளிவற்றதைச் சாட்சிக்கு அழைப்பதாக அந்த முறை முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 13 இலக்கங்களில் முதல் இலக்கத்துக்கென்று தனிக் கோடுகளே கிடையாது. இடப்பக்க ஆறு இலக்கங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக வரையலாம். எந்தெந்த இலக்கம் எந்த விதத்தில் வரையப்பட்டிருக்கிறது என்னும் வரிசையிலிருந்துதான் ஸ்கேனர் முதல் இலக்கத்தை அறிகிறது. முதல் இலக்கம் மங்கியிருக்கும் படத்தில் அதற்கு நேர் மேலே பார்த்தால் வெற்றிடம்தான் இருக்கும்.

இடப்பக்கம் தனியாக நிற்கும் இலக்கத்தையும், வலது ஓரத்தில் இருக்கும் > குறியையும் எழுத வேண்டுமா?

இலக்கத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். கோடுகளுக்கு வெளியே நிற்பதால் அதைப் பார்க்காமல் விட்டு, 12 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்வதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் பிழை. வட அமெரிக்காவில் வழங்கும் யூபிசி-ஏ வகையில் மொத்தமே 12 இலக்கங்கள்தான். அங்கே முதலும் கடைசியும் இரு புறமும் சற்றுச் சிறிய எழுத்தில் வெளியே நிற்கும். அதன் முன்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து 13 ஆக்கிவிடக் கூடாது. சில ஸ்கேனர்கள் அப்படிச் சேர்த்துக் காட்டும். அது அச்சில் இல்லாத பூஜ்யம்.

> குறி இலக்கமன்று. கோடுகளின் ஓரத்தில் வெறுமையாக விடவேண்டிய இடம் எதுவரை என்பதை வடிவமைப்பவருக்கும் அச்சகத்தாருக்கும் காட்டும் எல்லைக்குறி அது. இலக்கங்களுக்கான இடத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். அதை 7 என்று படித்துவிடவும் வேண்டாம்.

ஓர் இலக்கம் மட்டும்தான் தெரியவில்லை. சரிபார்ப்பு இலக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு அதை நிரப்பிவிடலாமே?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை இன்னும் அதிகம். ஆகையால் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு பொறுமையாகப் பார்ப்போம். கடைகள் தமக்குள் பயன்படுத்திக்கொள்வதற்கென 2-இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. காய்கறியை எடைபோட்டு ஒட்டும் லேபிளில் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஒரு லேபிளில் இப்படி அச்சாகியிருக்கிறது என்று கொள்வோம்:

```
2 146308 729514
```

கடைசி 4 என்பது சரிபார்ப்பு இலக்கம். அதைப் பெறும் வழி எளியது. இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் நிற்கும் இலக்கங்களை அப்படியே கூட்டி, இரட்டைப்படை இடங்களில் நிற்பவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கி, இரண்டையும் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

```
2 + 4 + 3 + 8 + 2 + 5 = 24
(1 + 6 + 0 + 7 + 9 + 1) × 3 = 72
24 + 72 = 96
100 - 96 = 4
```

இப்போது லேபிளில் ஈரம் பட்டு, இடப்பக்கக் கூட்டத்தின் கடைசியில் உள்ள 8 கலைந்திருக்கிறது. அது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அதற்கு இரண்டு இடம் முன்னால் இருக்கும் 3-உம் சற்று மங்கல்தான். ஆனால் அதை நீங்கள் ஐயமில்லாமல் 8 என்று படித்துவிடுகிறீர்கள். ஐயமுள்ள ஏழாவது இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுக் கணக்குப் போடுகிறீர்கள். ஒற்றைப்படை இடங்களின் கூட்டுத்தொகை 21, இரட்டைப்படைக்கு 72, சரிபார்ப்பு இலக்கம் 4, ஆக மொத்தம் 97. பத்தின் மடங்காக வர மூன்று வேண்டும். விடை 3. கண்ணுக்கும் அது 3 போலத்தானே தெரிந்தது என்று மனம் நிறைந்து எழுதிவிடுகிறீர்கள்:

```
2 146803 729514
```

இந்த எண் சரிபார்ப்பில் தேறும். யார் போட்டுப் பார்த்தாலும் தேறும். ஆனால் லேபிளில் இருந்த எண் இதுவன்று. கணக்கு உங்களுக்குச் சொன்னது, "மற்ற பன்னிரண்டும் சரியாக இருந்தால் இது 3" என்பதை மட்டுமே. அந்த நிபந்தனை நிறைவேறியதா என்பதைக் கணக்கால் சொல்ல முடியாது. வேறோர் இடத்தில் நீங்கள் செய்த பிழைக்கு ஈடாக இங்கே ஒரு பிழையைப் பொருத்திக் கொடுத்து, இரண்டையும் மறைத்துவிட்டது.

நிரப்பாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏழாவது இடத்தில் ஐயக்குறி நின்றிருக்கும். சரிபார்ப்பவர் படத்தை மீண்டும் பார்த்திருப்பார். பார்க்கும்போது ஐந்தாவது இடமும் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

அப்படியானால் சரிபார்ப்புக் கணக்கால் படியெடுப்பவருக்குப் பயனே இல்லையா?

பயன் உண்டு. எல்லா இலக்கங்களும் தெளிவாகத் தெரிந்து, எழுதி முடித்த பிறகு போட்டுப் பாருங்கள். தேறவில்லையென்றால் எங்கோ தவறிவிட்டது என்று பொருள்; படத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். ஓர் இலக்கம் மட்டும் மாறியிருந்தால் இந்தக் கணக்கு எப்போதும் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்று நிற்கும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் காட்டாது. மேலே கண்டது அதைத்தான். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு சரியாக ஐந்தாக இருந்தால் காட்டாது: 49 என்பதை 94 என்றோ, 27 என்பதை 72 என்றோ எழுதினால் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் மாறுவதில்லை.

மீண்டும் பார்த்த பிறகும் அச்சில் இருப்பது நீங்கள் எழுதியதுதான் என்றால், தேறாத எண்ணை அப்படியே வைத்திருங்கள். அச்சிலேயே பிழை இருக்கலாம். குறிப்புக்கான இடத்தில் "சரிபார்ப்பில் தேறவில்லை, மீண்டும் பார்க்கப்பட்டது" என்று ஒரு வரி போதும்.

தெரியாத இடத்தில் என்ன எழுதுவது?

ஓர் இலக்கத்துக்கு ஒரு ஐயக்குறி. மேலே சொன்ன லேபிளுக்கு `2 14630? 729514` என்று வரும். இரண்டு இலக்கங்களுள் ஒன்று என்று நிச்சயமாகத் தெரிந்தால் `2 14630[3/8] 729514` என்று எழுதலாம். மூன்றாவது ஒன்றும் இருக்கக்கூடும் என்று தோன்றினால் ஐயக்குறியே நேர்மையானது. எத்தனை இலக்கங்கள் மறைந்திருக்கின்றன என்பதே தெரியாதபோது, எடுத்துக்காட்டாகப் பாக்கெட் மடிந்து வலப்பாதி முழுவதும் உள்ளே போயிருந்தால், ஆறு ஐயக்குறிகளை வரிசையாகப் போடாதீர்கள். அங்கே ஆறு இலக்கங்கள் இருக்கின்றன என்பதே நீங்கள் பார்க்காத ஒன்று. `2 146308 [...]` என்று நிறுத்திவிட்டு, மடிப்பில் மறைந்துள்ளது என்று குறிப்பு எழுதுங்கள்.

இலக்கங்களுக்கிடையே அச்சில் இடைவெளி இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள். 1, 6, 6 என்று பிரிந்து நிற்பதைப் பார்த்தாலே, எந்தக் கூட்டத்தில் ஓர் இலக்கம் விடுபட்டது என்பது சரிபார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

புத்தகத்தின் பின்னட்டையில் பார்கோடின் கீழே கடைசி இலக்கம் கிழிந்திருக்கிறது. மேலேயே ஐ.எஸ்.பி.என். தெளிவாக அச்சாகியிருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இது நானே விழுந்து எழுந்த குழி. நூலக அடுக்கு ஒன்றுக்குப் பின்னட்டைப் படங்களைப் பார்த்துப் பட்டியல் தயாரித்த நாள்களில், கிழிந்த இலக்கங்களை மேல்வரியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டே போனேன். இரண்டும் ஒரே புத்தகத்தின் எண்தானே என்ற எண்ணம்.

13 இலக்க ஐ.எஸ்.பி.என். 2007 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வந்த புத்தகங்களில் மேலே 10 இலக்க எண்ணும், பார்கோடின் கீழே 978 சேர்த்த 13 இலக்க எண்ணும் இருக்கும். பாடங்களில் காட்டப்படும் ஓர் எண்ணைப் பாருங்கள்:

```
ISBN 0-306-40615-2
9 780306 406157
```

978-க்குப் பிறகு வரும் ஒன்பது இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றே. கடைசி இலக்கம் மட்டும் மேலே 2, கீழே 7. ஏனென்றால் அது சரிபார்ப்பு இலக்கம். பத்து இலக்க எண்ணுக்கு 11-ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கும், பதின்மூன்றுக்கு நாம் முன்னால் பார்த்த கணக்கும் வழங்குகின்றன. பழைய கணக்கில் விடை பத்து என்று வந்தால் `X` என்ற எழுத்தும் கடைசியில் நிற்கும். நான் நிரப்பியவை பெரும்பாலும் தவறாகத்தான் இருந்தன; எவையெல்லாம் பார்த்து எழுதியவை, எவையெல்லாம் நிரப்பியவை என்று நான் குறித்து வைக்காததால் அந்த அடுக்கு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

மேல்வரியை மேல்வரிக்கான இடத்திலும், கீழ்வரியை கீழ்வரிக்கான இடத்திலும் எழுதுங்கள். வலப்பக்கம் சிறிய பார்கோடு ஒன்று ஒட்டினாற்போல் இருந்தால் அதன் இலக்கங்கள் கோடுகளுக்கு மேலே அச்சாகியிருக்கும். கண் கீழேயே பார்த்துப் பழகிவிடுவதால் அவை தப்பிவிடும். புத்தகங்களில் அது ஐந்து இலக்கம், இதழ்களில் பெரும்பாலும் இரண்டு.

முதல் மூன்று இலக்கங்கள் தெரியவில்லை, ஆனால் இந்தியப் பொருள். 890 என்று போடலாமா?

போட வேண்டாம். 890 என்பது அந்த எண்ணை வழங்கியது ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை என்பதைத்தான் காட்டுகிறது. இலங்கைக் கிளைக்கு 479. பொருள் எங்கே தயாரானது என்பதை அந்த மூன்று இலக்கங்கள் சொல்வதில்லை. வெளிநாட்டு நிறுவனம் தன் நாட்டில் பெற்ற எண்ணோடு இங்கே தயாரித்து விற்கலாம்.

3 அல்லது 8, எது என்று எப்படித்தான் பார்ப்பது?

முதலில் அதே வரியிலேயே ஐயமில்லாத ஒரு 3-ஐயும் 8-ஐயும் தேடுங்கள். கடைப் பொருள்களில் பெரும்பாலும் ஓசிஆர்-பி என்ற எழுத்துரு இருக்கும். ஆனால் லேபிள் அச்சு இயந்திரங்கள் தம்மிடம் உள்ளதைப் போட்டுவிடும். அந்த வரியின் 8 எப்படி வளைகிறது என்பதே உங்களுக்கு அளவுகோல்.

அடுத்து, சேதம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெப்பத்தால் அச்சிடும் லேபிள் இயந்திரத்தின் தலையில் நுண்ணிய சூடேறும் புள்ளிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதானால், லேபிள் நகரும் திசையில் ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு முழு லேபிளிலும் விழும். அந்தக் கோடு ஓர் 8-இன் இடது விளிம்பைக் கடந்து போனால், அச்சு அசல் 3 போன்ற ஓர் உருவம் நிற்கும். படத்தைப் பெரிதாக்கி, ஐயமுள்ள இலக்கத்திலிருந்து நேர் மேலே பார்வையைக் கொண்டுசெல்லுங்கள். பொருளின் பெயரிலும் எடையிலும் அதே நேர்கோட்டில் எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தால், உங்கள் 3-இன் இடது விளிம்பு உண்மையிலேயே வெறுமையாக இருந்ததா, அழிந்துபோனதா என்பது ஐயத்துக்குரியது. `[3/8]` என்று எழுதுங்கள். அந்த வெள்ளைக்கோடு கோடுகளின் ஊடேயும் போயிருக்கும். சேதத்தின் தடயத்தைத் தேடக் கோடுகளைப் பார்ப்பதில் தவறில்லை. அவற்றிலிருந்து இலக்கத்தை வருவிப்பதில்தான் தவறு.

சரக்குப் பெட்டிகளில் எண்ணுக்கு நடுவே அடைப்புக்குறிகள் வருகின்றன. அவை கோடுகளில் இல்லை என்கிறார்களே, விட்டுவிடவா?

கோடுகளில் அவை இல்லை என்பது சரி. `(01)`, `(10)`, `(17)` என்று வருபவற்றில் அடைப்புக்குறிகள் படிப்பவருக்காக மட்டும் அச்சிடப்படுகின்றன. முறையே பொருள் எண், தொகுதி எண், காலாவதி நாள் எங்கே தொடங்குகிறது என்று அவை காட்டும். மாறாக, கோடுகளில் இருக்கும் பிரிப்புக்குறியும் கடைசிச் சரிபார்ப்புக் குறியும் அச்சில் வருவதில்லை. நீங்கள் படியெடுப்பது அச்சை. ஆகவே அடைப்புக்குறிகளை எழுதுங்கள், அச்சில் இல்லாதவற்றைச் சேர்க்காதீர்கள்.

எக்செலில் தட்டியதும் எண் மாறிவிடுகிறது. என்ன செய்வது?

அந்த நெடுவரிசையைத் தட்டச்சு தொடங்கும் முன்பே `Text` என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் 2146308729514 என்பது `2.14631E+12` என்று காட்சியளிக்கும், முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் போய்விடும். பெட்டிகளில் வரும் 18 இலக்க எண்களில் சேதம் இன்னும் பெரிது: 15 இலக்கங்களுக்கு மேல் எக்செல் வைத்துக்கொள்வதில்லை என்பதால் கடைசி மூன்றும் பூஜ்யமாகிவிடும். பிறகு `Text` என்று மாற்றினாலும் அவை திரும்பி வாரா.

பொருள் கையிலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்து பார்த்தேன், கீழே அச்சானதற்கும் அதற்கும் ஓர் இலக்கம் வேறுபடுகிறது. எதைத் திருத்துவது?

எதையும் திருத்த வேண்டாம். அச்சில் கண்டதை அச்சுக்கான இடத்திலும், ஸ்கேனர் தந்ததை அதற்கென்று தனியாக வைத்த இடத்திலும் எழுதுங்கள். ஸ்கேனர் சரிபார்ப்புக் கணக்கை உள்ளே போட்டுப் பார்த்துத்தான் எண்ணைத் தருகிறது; ஆகவே வேறுபாடு வந்தால் முதலில் உங்கள் படியெடுப்பையே ஐயுற்று, ஸ்கேனர் தந்த எண்ணை மறைத்துவைத்துவிட்டு, லேபிளை இன்னொருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விடையை முன்கூட்டிக் கேட்டவர் கண்ணுக்கு 3 கூட 8 ஆகத் தெரியும். அவரும் நீங்கள் எழுதியதையே படித்தால், இரண்டு எண்களும் அருகருகே பதிவில் நிற்கட்டும். அச்சில் நேர்ந்த முரண்பாட்டுக்குப் பாக்கெட்டை வெளியிட்டவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.